டின்னில் காஃபின் எவ்வளவு? லேபிள் படிப்பது பற்றிக் கேள்வி பதில்

பானங்களின் லேபிள்களைச் சரிபார்ப்பது பல வருடங்களாக என் வேலை. பதின்ம வயதுப் பிள்ளைகள் குடிக்கும் எனர்ஜி டிரிங்க், டின் காபி, பாட்டில் தேநீர் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

"என் மகனுக்கு 14 வயது, 46 கிலோ. எனர்ஜி டிரிங்க் வேண்டாம் என்றேன், சரி என்று டின் காபிக்கு மாறிவிட்டான். எனர்ஜி டிரிங்கில் எச்சரிக்கை இருக்கிறது, காபி டின்னில் இல்லை. அப்படியென்றால் காபி பரவாயில்லைதானே?"

அம்மா, எச்சரிக்கை இல்லை என்பதை வைத்து காஃபின் குறைவு என்று முடிவு கட்ட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் இருந்தால், "காஃபின் அதிகம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பரிந்துரைக்கப்படவில்லை" என்ற பொருளில் ஒரு வாசகம் பானத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். அதோடு 100 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணும் வர வேண்டும். ஆனால் காபி, தேயிலையை அடிப்படையாகக் கொண்டு, பெயரிலேயே "காபி" அல்லது "டீ" என்று இருக்கும் பானங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. காபி என்று பெயர் இருந்தாலே வாங்குபவருக்கு விஷயம் தெரியும் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். பெரியவர்களுக்கு அது சரிதான். 14 வயதுப் பையன் எச்சரிக்கை இல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொள்கிறான், உங்கள் வீட்டில் நடந்தது போல.

கணக்கைப் போட்டே பார்ப்போம். உங்கள் மகனின் காபி டின் 240 மில்லி என்றும், 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு டின்னில் 120 மில்லிகிராம் வருகிறது. எனர்ஜி டிரிங்கில் பரவலாகக் காணப்படும் அளவு 100 மில்லிக்கு 32 மில்லிகிராம். 250 மில்லி சிறிய டின்னில் அது 80, 500 மில்லி பெரிய டின்னில் 160. ஆக எச்சரிக்கை இல்லாத காபி டின், எச்சரிக்கை உள்ள சிறிய டின்னை மிஞ்சிவிட்டது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட கருத்தில், சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை கவலைக்குரியதாகத் தெரியவில்லை என்றது. 46 கிலோவுக்கு அது 138. காபி டின் ஒன்றே 120 எடுத்துக்கொள்கிறது. அதற்குமேல் ஒரு கோப்பை தேநீர் குடித்தால் தாண்டிவிடுவான்.

"தேநீர் எப்படி எச்சரிக்கை அளவைத் தாண்டும்? தேநீரில் காஃபின் ரொம்பக் கம்மி என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்."

காபியோடு ஒப்பிட்டால் கம்மிதான். அதே ஆணையம் தரும் எடுத்துக்காட்டுகளில் 220 மில்லி கறுப்புத் தேநீருக்கு 50 மில்லிகிராம், 200 மில்லி ஃபில்டர் காபிக்கு 90. அந்தத் தேநீரை 100 மில்லிக்குக் கணக்கிட்டால் 23 வரும். எச்சரிக்கை வாசகத்தின் எல்லை 100 மில்லிக்கு 15. விலக்கு இல்லையென்றால் சாதாரணத் தேநீரின் லேபிளிலும் "காஃபின் அதிகம்" என்றுதான் போட வேண்டியிருக்கும்! இன்னொரு பக்கம், 355 மில்லி கோலாவில் சுமார் 40 மில்லிகிராம். 100 மில்லிக்குப் பதினொன்றுதான் என்பதால் எச்சரிக்கை கிடையாது. ஆனால் ஒரே மாலையில் மூன்று டின் கோலா குடித்தால் 120.

விதி பார்ப்பது அடர்த்தியை. உடலுக்குப் போவது மொத்த அளவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் லேபிள் குழப்பத்தில் பாதி தீரும்.

"அக்கா, எனக்கு 16 வயது, 60 கிலோ. பரீட்சைக்குப் படிக்கும்போது சாயங்காலம் 4 மணிக்கு ஒரு சின்ன டின், இரவு 9 மணிக்கு இன்னொன்று. மொத்தம் 160தான். எனக்கு 180 வரை போகலாமே?"

கூட்டல் சரி தம்பி. நேரத்தை விட்டுவிட்டாய். அதே ஆணையம் தூக்கத்தைத் தனியாகப் பார்த்திருக்கிறது. கிலோவுக்கு 1.4 மில்லிகிராம் அளவே சிலருக்குத் தூக்கத்தைப் பாதிக்கலாம், அதுவும் படுக்கைக்குப் போகும் நேரத்தை ஒட்டிக் குடித்தால். 60 கிலோவுக்கு அது 84.

உடலில் போன காஃபின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும், அதனால் இதை ஒரு தோராயமாக எடுத்துக்கொள். 4 மணிக்குக் குடித்த 80இல் இரவு 9 மணிக்கு இன்னும் 40 இருக்கிறது. அப்போது இன்னொரு 80 சேர்ந்தால் உடலில் 120. நள்ளிரவு தாண்டி நீ படுக்கும்போதும் எழுபதுக்கு மேல் இருக்கும். கண் மூடினாலும் தூக்கம் ஆழமாக வராமல் போகலாம். மறுநாள் சாயங்காலம் 4 மணிக்கு மறுபடி ஒரு டின் தேவைப்படுவதாகத் தோன்றும். அந்தத் தேவையை உண்டாக்கியதில் முந்தின இரவு 9 மணி டின்னுக்கும் பங்கு உண்டு. என்னைக் கேட்டால், இரண்டாவதை அப்படியே விட்டுவிடு.

"செயற்கைக் காஃபின்தான் கெடுதல். குவாரனா, பச்சைத் தேயிலை இவற்றிலிருந்து வரும் இயற்கைக் காஃபின் மெதுவாக வேலை செய்யும், அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்."

குவாரனா விதையிலும் காஃபின் இருக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்கள், அதுவரை சரி. பலர் அதை ஏதோ பழச்சாறு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். ஆனால் மூலக்கூறு ஒன்றேதான். விதையில் வந்தாலும் ஆலையில் வந்தாலும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் அதை எண்ண வேண்டும்.

உங்கள் கேள்வியால் ஒரு நல்ல விஷயம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் சேர்க்கப்பட்ட காஃபினை மூலப்பொருள் பட்டியலில் பெயராகச் சொல்ல வேண்டும். எத்தனை மில்லிகிராம் என்று சொல்லக் கட்டாயமில்லை. குவாரனாவிலோ தேயிலைச் சாற்றிலோ இயல்பாக இருக்கும் காஃபின் அந்தப் பட்டியலில் தனிப் பெயராக வராது. அதனால் பட்டியலில் "காஃபின்" என்ற சொல் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். குவாரனா, காபிச் சாறு, தேயிலைச் சாறு ஆகிய பெயர்களையும் தேடுங்கள். எண் போட்டிருந்தால், அது எல்லா மூலங்களிலிருந்தும் வரும் மொத்தக் காஃபினா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் அதைத் தெளிவாகவே எழுதுகின்றன.

"சர்க்கரை இல்லாத எனர்ஜி டிரிங்க் குடிக்கலாமா? எனக்கு 52 வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன்."

இங்கே பேசுவது பதின்ம வயதினரைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன், சர்க்கரை இல்லாத டின்னில் காஃபின் பொதுவாக அப்படியே இருக்கும், எடுத்தது இனிப்பை மட்டும்தான். மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். கவனக்குறைவுக் கோளாறுக்கு ஊக்கி மருந்து எடுக்கும் பிள்ளைகளும், இதயத் துடிப்பில் சிக்கல் உள்ள பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களுக்குக் கிலோவுக்கு 3 என்ற கணக்கைப் போட்டுப் பார்க்கவே கூடாது.

"ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் நான். அந்த 3 மில்லிகிராம் பதின்ம வயதினரிடம் சோதித்து வந்த எண் அல்ல. பெரியவர்களுக்கான ஒருவேளை அளவை எடைக்கு மாற்றிப் போட்டது. அதைப் பாதுகாப்பு எல்லை மாதிரி நீங்கள் சொல்வது சரியா?"

நியாயமான ஆட்சேபம் சார். பெரியவர்களுக்கு ஒருவேளைக்கு 200 மில்லிகிராம் என்பதை எடையால் வகுத்தால் வருவது அதுதான். சிறுவர்களுக்குப் போதிய தரவு இல்லை என்பதால் அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கனடாவின் சுகாதாரத் துறை குழந்தைகளுக்கு 2.5 என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011 அறிக்கையிலேயே, எனர்ஜி டிரிங்க் சிறுவர், பதின்ம வயதினரின் உணவில் இடம்பெறவே கூடாது என்றது. நான் 3ஐப் பயன்படுத்துவது டின்களை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு அளவுகோலாக. அதற்குள் இருந்தால் எல்லாம் நலம் என்று சொல்லவில்லை. 2.5 எடுத்தால் அந்த 46 கிலோ பையனுக்கு 115, அந்த ஒரு காபி டின்னே தாண்டிவிடும். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. குறைந்ததை எடுத்துக்கொள்ள விரும்புபவரோடு எனக்குச் சண்டையும் இல்லை.

"'குழந்தைகளுக்கு உகந்ததல்ல' என்றுதானே போட்டிருக்கிறது? எனக்கு 15. நான் குழந்தையா?"

நல்ல கேள்வி. அந்த ஐரோப்பிய வாசகத்தில் வயது எதுவும் சொல்லப்படவில்லை. 15 வயதுக்காரர் யாரும் தன்னைக் குழந்தை என்று நினைப்பதில்லை என்பதால், யாருக்கு எச்சரிக்கை அதிகம் தேவையோ அவரே அதைத் தாண்டிப் போகிறார். போலந்து இதைச் சட்டத்தால் தீர்க்கப் பார்த்தது. 2024 ஜனவரி 1 முதல் அங்கே 18 வயதுக்குக் கீழானவர்களுக்கு எனர்ஜி டிரிங்க் விற்கக் கூடாது. லிதுவேனியா 2014இலேயே அப்படிச் செய்தது. உனக்கு என் பதில்: வார்த்தையை விடு, உன் எடையைப் போட்டுக் கணக்குப் பார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 60 மில்லி அளவில் வரும் குட்டி பாட்டில்களைப் பார்த்திருப்பாய். சிலவற்றில் 200 மில்லிகிராம் வரை இருக்கும், ஒரே மடக்கில் போய்விடும். கையில் சிறிதாக இருப்பதால் சாதுவானது என்று நினைத்துவிடாதே.

"என் மகள் குடிக்கும் டின் காபியில் எங்கேயும் எண்ணே இல்லை. அப்போது என்ன செய்வது?"

முதலில் தயாரிப்பாளரின் இணையதளத்தில் பாருங்கள், டின்னில் இல்லாத எண் அங்கே இருக்கலாம். இல்லையென்றால் அதை ஃபில்டர் காபியாக நினைத்து 100 மில்லிக்கு 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 மில்லிக்குச் சுமார் 112 வரும். பால் அதிகம் சேர்த்த டின்னில் இதைவிடக் குறைவாக இருக்கலாம். எஸ்பிரெஸோ என்று எழுதிய டின்னில் கூடவும் இருக்கலாம், ஏனென்றால் 60 மில்லி எஸ்பிரெஸோவிலேயே சுமார் 80 இருக்கிறது. "காஃபின் நீக்கியது" என்று இருந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஆனால் அது கணக்கில் பெரிதாக விழாது.

அப்புறம், எண் போட்டிருக்கும் டின்களிலும் அது 100 மில்லிக்கா, ஒரு பரிமாறலுக்கா, முழு டின்னுக்கா என்று கட்டாயம் பாருங்கள். ஒரே டின்னை இரண்டு பரிமாறல் என்று கணக்குக் காட்டுவதும் உண்டு. யாரும் பாதியைக் குடித்துவிட்டு மூடி வைப்பதில்லை, டின்னை மூடவும் முடியாது. அப்படி இருந்தால் எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.