குறட்டை நடுவில் மூச்சு நின்றால் ஆக்சிஜன் வைக்கலாமா?

"டாக்டர், என் கணவருக்கு 51 வயது, லோரி ஓட்டுகிறார். பல வருடமாகவே குறட்டை விடுவார். இப்போது குறட்டை நடுவில் சத்தமே நின்றுவிடுகிறது. நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது. அப்புறம் திணறிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு இழுக்கிறார். காலையில் கேட்டால் 'நல்லாத்தானே தூங்கினேன்' என்கிறார். என் மாமியார் பயன்படுத்திய ஆக்சிஜன் மெஷின் வீட்டில் சும்மா கிடக்கிறது. இரவில் அதை இவருக்கு வைக்கலாமா?"
– ஒரு வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

வேண்டாம், சகோதரி. அந்த மெஷினை வைக்காதீர்கள். அவருக்கு இரவில் ஆக்சிஜன் குறைகிறது என்பது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் காற்று போதாமல் குறையவில்லை. காற்று போகும் வழி அடைபட்டுக் குறைகிறது. வாசல் சாத்திக் கிடக்கும்போது வெளியே எத்தனை மூட்டை அரிசி இறக்கினாலும் அடுப்படிக்கு வந்து சேராது. இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நெஞ்சு மட்டும் ஏறி இறங்குகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமான தகவல். மூச்சை இழுக்கச் சொல்லும் மூளையும், இழுக்கிற உதரவிதானமும் வேலையை நிறுத்தவில்லை. அப்படியானால் அடைப்பு தொண்டையில் இருக்கிறது. தூக்கத்தில் இப்படி மூச்சு நின்று நின்று வருவதைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். மூளையே கட்டளை அனுப்ப மறக்கும் வேறொரு வகை உண்டு. அதில் நெஞ்சும் அசையாமல் கிடக்கும். அது இதைவிட அபூர்வம்.

கழுத்தின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். அதற்கு மேலே, நாக்குக்கும் உள்நாக்குக்கும் பின்னால் இருக்கும் தொண்டைக்கு அப்படி ஒரு தாங்கல் கிடையாது. அதைத் திறந்து வைத்திருப்பவை தசைகள்தான். அவற்றில் பெரியது, கீழ்த்தாடையின் உட்புறத்திலிருந்து விசிறிபோல் விரிந்து நாக்கை முன்னால் இழுத்துப் பிடிக்கும் தசை. விழித்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்னதாகவே அது இறுகித் தயாராகிவிடும். தூங்கியதும் தளர்கிறது. எல்லோருக்கும்தான் தளர்கிறது, ஆனால் கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்து வழி குறுகியவர்களுக்கும், கீழ்த்தாடை சிறிதாகவோ பின்தள்ளியோ இருப்பவர்களுக்கும் அந்தத் தளர்ச்சி போதும், வழி மூடிக்கொள்ள. ஒல்லியானவர்களுக்கும் இது வருவது அதனால்தான்.

காகித ஸ்ட்ராவில் செண்டோல் குடித்திருப்பீர்கள். ஸ்ட்ரா ஊறி நமநமவென்று ஆனபின் உறிஞ்சினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். இன்னும் பலமாக உறிஞ்சினால் இன்னும் இறுக்கமாக ஒட்டும். உங்கள் கணவரின் நெஞ்சு ஏறி இறங்குவது அந்த வீண் உறிஞ்சல்தான். ஸ்ட்ரா பாதி ஒட்டி அதிரும்போது குறட்டை, முழுதும் ஒட்டிவிட்டால் நிசப்தம். சத்தம் நின்றதும் 'அப்பாடா, அடங்கிவிட்டது' என்று வீட்டில் நினைப்பார்கள். மோசமான நேரமே அதுதான்.

இதே வயதுள்ள ஒருவருக்குச் செய்த தூக்கப் பரிசோதனையின் இரவுப் பதிவிலிருந்து ஒரே ஒரு சுற்றைச் சொல்கிறேன். மூச்சு நிற்கிறது. அசைவைப் பதிய நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகள் தொடர்ந்து அசைகின்றன, ஆனால் எதிரெதிராக: நெஞ்சு உள்ளே போகும்போது வயிறு வெளியே வருகிறது. 32 நொடி அப்படியே போராட்டம். மூளை மேலோட்டமாக விழிக்கிறது, தொண்டைத் தசை இறுகுகிறது, வழி படாரென்று திறக்கிறது, அந்தத் திணறல் மூச்சு வருகிறது. வேடிக்கை என்னவென்றால், விரலில் மாட்டி ஆக்சிஜனை அளக்கும் கிளிப்பில் அளவு 95 சதவீதத்திலிருந்து 82-க்கு இறங்கியது அதற்குப் பிறகுதான். நுரையீரலில் இருந்த இரத்தம் விரல் நுனிக்கு வந்து சேரச் சற்று நேரம் ஆகும் அல்லவா? பிறகு நாலைந்து நல்ல மூச்சு, மறுபடியும் தூக்கம், மறுபடியும் அடைப்பு. 7 மணி நேரத் தூக்கத்தில் 224 தடவை, அதாவது மணிக்கு 32. மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 30-க்கு மேல் போனால் கடுமை.

அந்த விழிப்பு ஒவ்வொன்றும் சில நொடிதான். அது நினைவில் நிற்காது. ஆகவே உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை நன்றாகத்தான் தூங்கினார். காலைத் தலைவலி, வறண்ட வாய், இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுவது, இவைதான் அவர் சொல்லக்கூடிய அறிகுறிகள். கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஆக்சிஜன் மெஷினின் ஆபத்து. அடைப்பின்போது மூளையைத் தட்டி எழுப்புபவை மூன்று: ஆக்சிஜன் இறங்குவது, கரியமில வாயு ஏறுவது, உறிஞ்சும் முயற்சி கூடிக்கொண்டே போவது. ஆக்சிஜன் கொடுத்தால் முதல் மணி தாமதமாக அடிக்கும். சிலருக்கு ஒவ்வோர் அடைப்பும் முன்பைவிட நீளும், கரியமில வாயு தேங்கும். விரல் கிளிப்போ நல்ல எண்ணைக் காட்டும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுவீர்கள். எனக்கு அதுதான் பயம்.

இதற்கான கருவி சிபேப். அதைப் பலர் ஆக்சிஜன் மெஷின் என்றே நினைக்கிறார்கள். அது அறைக் காற்றைத்தான் ஊதுகிறது, ஆனால் தொடர்ந்த அழுத்தத்தோடு. அந்த அழுத்தம் தொண்டைச் சுவர்களை உள்ளிருந்து தள்ளிப் பிடிக்கிறது. 1981-இல் சிட்னியில் காலின் சலிவனும் அவருடைய குழுவும் இதை முதலில் செய்து காட்டினார்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழம் விட்டு, குமிழி வரும்படி ஊதிப் பாருங்கள். பலருக்கு ஏறக்குறைய அவ்வளவு அழுத்தமே போதும். எத்தனை தேவை என்பதைத் தூக்கப் பரிசோதனை பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஆகவே யாரோ பயன்படுத்திய சிபேப்பை வாங்கி நீங்களாகவே மாட்டிவிடாதீர்கள். அடைப்பு லேசானதாக இருந்தால் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் பல் கருவி சிலருக்குப் போதும்.

பரிசோதனைக்குக் காத்திருக்கும் நாட்களில் அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்தால் நாக்கின் எடையே பின்னால் விழும். இரவில் பீர் வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் வேண்டாம். தொண்டைத் தசையை இரண்டும் இன்னும் தளர்த்தும். விடியற்காலைத் தூக்கத்தில் கனவு நிலை அதிகம், அப்போது தசை மிகவும் தளர்ந்திருக்கும், அடைப்பும் நீளும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்து அவர் நேராக நெடுஞ்சாலைக்குப் போகிறார் என்பதுதான் என் பெரிய கவலை. சிக்னலில் நிற்கும்போதோ சாப்பிட்டு உட்கார்ந்ததுமோ கண் சொருகுகிறது என்றால், முடிவு தெரியும்வரை ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம். காப்பி குடித்துச் சமாளிக்கிற விஷயமில்லை இது. முதலாளியிடம் மருத்துவக் கடிதம் கொடுத்து வேறு வேலை கேட்கட்டும்.

சரி, முதலில் செய்ய வேண்டியது. இன்றிரவு சட்டையில்லாமல் படுக்கச் சொல்லி, நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி மூன்று நிமிடம் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு எடுத்தால் நன்றாகப் பதியும். அதோடு பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போய், நெஞ்சக மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அனுப்பக் கடிதம் கேளுங்கள். நீங்களும் கூடவே போங்கள். டாக்டர் கேட்டதும் அவர் 'எனக்கு ஒன்றுமில்லை, நல்லாத்தான் தூங்குகிறேன்' என்பார். அப்போது வீடியோவைக் காட்டுங்கள்.