முறுக்கின் நிறம் தெரியட்டும்

கேள்வி: வீட்டில் தேன்குழலும் ரிப்பன் பக்கோடாவும் செய்து எங்கள் குடியிருப்பில் விற்கிறேன். பளிச்சென்று இருக்கட்டும் என்று மஞ்சள் கவரில் போட்டேன். வாங்கிய இருவர், "பழைய எண்ணெயில் சுட்டதா?" என்று கேட்டுவிட்டார்கள். எந்த நிறக் கவர் சரியாக இருக்கும்? - வாசகி, மதுரை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தச் சந்தேகத்துக்குக் கவரே காரணமாக இருக்கக்கூடும். மஞ்சள் கவருக்குள் இருக்கும் பண்டத்தை அந்த மஞ்சளின் வழியாகத்தான் பார்க்கிறோம் என்பதால், வெளிறிய பொன்னிறத்தில் வெந்த தேன்குழல்கூட இரண்டாம் முறை காய்ந்த எண்ணெயில் பொரித்ததுபோல மங்கித் தெரியும். ஒரு தேன்குழலை வெள்ளைத் தட்டிலும் இன்னொன்றை அந்தக் கவரிலும் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும் டியூப்லைட்டின் கீழ் ஒருமுறையும் பாருங்கள், உங்களுக்கே விளங்கிவிடும்.

ஆகவே, நிறமில்லாத கண்ணாடிக் கவரை வாங்கி, வண்ணத்தை லேபிளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லேபிளுக்குக் கரும்பச்சையைச் சொல்வேன். பக்கத்தில் பச்சை இருந்தால் தேன்குழலின் பொன்னிறமும், மிளகாய்த்தூள் சேர்ந்த ரிப்பன் பக்கோடாவின் செம்மையும் கூடுதலாக எடுத்துத் தெரியும். சிவப்பு லேபிள் ரிப்பன் பக்கோடாவின் நிறத்தை விழுங்கிவிடும். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டின் சாயல் வந்து, வீட்டுப் பண்டம் என்ற எண்ணமே போய்விடும்.

பச்சையில் ஒரு சிக்கல் உண்டு. சைவ உணவைக் குறிக்கும் பச்சைச் சதுரமும் அதனுள் இருக்கும் பச்சை வட்டமும் பச்சைப் பின்னணியில் கரைந்துவிடும். எனவே லேபிளின் கீழ்ப்பாதியை வெள்ளையாகவே விட்டு, அந்தக் குறியைப் பச்சையிலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து பெற்ற 14 இலக்க எண்ணையும், பண்டத்தில் சேர்ந்த பொருள்களையும், எடையையும், செய்த தேதியையும் கறுப்பிலும் அங்கே போடுங்கள். தெரிந்தவர்களிடம் வாங்குபவர்கள்கூட முதலில் தேடுவது தேதியைத்தான். அதைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் எண்ணெய்க் கை பட்டதும் இழுவிவிடும். அழியாத மார்க்கரால் எழுதுங்கள். லேபிளைக் கவருக்குள் போடவே கூடாது. மை பண்டத்தில் படுவது ஒருபுறமிருக்க, ஒரே நாளில் தாள் எண்ணெய் குடித்துத் திட்டுத்திட்டாகி, உள்ளே இருப்பதெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு என்று எண்ண வைத்துவிடும். பழுப்புக் காகிதப் பையை நான் தவிர்க்கச் சொல்வதும் இந்தக் கறைக்காகத்தான்.

கண்ணாடிக் கவருக்கும் ஓர் எல்லை உண்டு. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் பொரித்த பண்டம் சீக்கிரம் காறிப்போகும். நிறம் மாறாமலே வாடை வந்துவிடும் என்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கவரைப் பிரித்து முகர்ந்தால்தான் தெரியும். ஆகவே பாக்கெட்டுகளை ஜன்னலோரத்தில் அடுக்காமல் மூடிய டப்பாவில் வைத்து, ஒரு வாரத்துக்குள் விற்கும் அளவு மட்டும் சுடுங்கள். தீபாவளிக்கு முன்கூட்டியே செய்து வைப்பதாக இருந்தால், வெளிச்சம் புகாத வெள்ளைக் கவரில் உள்ளங்கை அளவு மட்டும் கண்ணாடியாக விட்டது கிடைக்கும். அப்போது அதை வாங்கிக்கொள்ளுங்கள்.