யார் என்ன செய்தார் என்று எழுதுங்கள்

"ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை நான். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில், பிழை தேடிப் பார்க்கும் க்யூஏ வேலை கிடைத்திருக்கிறது. லிங்க்ட்இனில் நன்றி சொல்லிப் போட ஆசை. பீற்றிக்கொள்வது போல இருக்குமோ என்று மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். வரைவை இத்துடன் அனுப்புகிறேன்." – வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

"கடின உழைப்பின் பலனாக, பெருமையுடனும் பணிவுடனும் அறிவிக்கிறேன். துணை நின்ற அனைவருக்கும் நன்றி" என்று எழுதியிருக்கிறீர்கள். இது பீற்றலாகத் தெரிவது வேலை கிடைத்ததைச் சொன்னதால் அல்ல. இதில் ஆள் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான் என்பதால். 'அனைவரும்' என்ற சொல்லுக்குள் ஒரு முகமும் இல்லை.

எனக்கு எழுதிய கடிதத்தில் எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள்! அதிலிருந்தே எடுத்து எழுதிப் பார்த்தேன்:

"திங்கட்கிழமை க்யூஏ வேலையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் என் முதல் பிழை அறிக்கையைச் சீனியர் அண்ணா திருப்பி அனுப்பினார். 'இதைப் படிப்பவரால் அதே பிழையைத் தன் கணினியில் வரவைக்க முடியுமா?' என்று கேட்டார். அன்றிலிருந்துதான் ஒவ்வொரு படியையும் எழுதப் பழகினேன். உயர்தரம் படிக்கும்போது சனிக்கிழமைகளில் கணினி அறையைத் திறந்துவைத்த டீச்சருக்கும் நன்றி."

நீங்கள் கெட்டிக்காரி என்று இதில் எங்கும் இல்லை. ஆனால் வேலை தெரிந்தவர் என்பது படிப்பவருக்குப் புரியும். பதிவில் முதல் இரண்டு மூன்று வரிதான் வெளியே தெரியும், மீதி மறைந்திருக்கும். அதனால் செய்தியை முதல் வரியிலேயே நேராகச் சொல்லிவிடுங்கள்.

அண்ணாவிடம் கேட்டுவிட்டு அவரை மட்டும் டேக் பண்ணுங்கள். ஒன்றும் செய்யாத இருபது பேரை இழுத்தால், லைக் கேட்பது போல ஆகிவிடும். டீச்சர் லிங்க்ட்இனில் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பதிவு போட முன்பே அவருக்குக் கோல் எடுத்துச் சொல்லுங்கள். பெயர் போடலாமா என்றும் கேளுங்கள்.

அம்மா கொழுந்து எடுத்துப் படிக்கவைத்ததை எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் சரி என்றால் எழுதுங்கள். கூடையோடு நிற்கும் படம் மட்டும் வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தப் படத்தைத் தேயிலைப் பெட்டிகளில் போட்டு எத்தனையோ பேர் விற்றுவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காசு எடுத்துவைத்த அந்த மாவு டின்னைப் பற்றி எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும்.

அப்புறம், சேர்ந்த பிறகே போடுங்கள். புரொஃபைலில் புதிய வேலையைச் சேர்க்கும்போது Notify network என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நன்றிக்கு முன்னால் தளத்தின் வெறும் அறிவிப்பு போய், வாழ்த்துகள் எல்லாம் அதன் கீழே விழுந்துவிடும்.