குறும்படம், ஆவணப்படத்துக்குப் பெயர் வைப்பது: கேள்வி பதில்

ஆவணப்பட இயக்குநர்: மருத்துவமனைத் துணிகளை இரவு முழுக்க வெளுக்கும் தொழிலாளர்களைப் பற்றி 24 நிமிடப் படம். 'வெண்மையின் மறுபக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். பார்த்தவர்களுக்குப் படம் பிடிக்கிறது, பெயர் மட்டும் மறுநாள் நினைவில் இருப்பதில்லை. எங்கே தப்பு?

'மறுபக்கம்' எந்தப் படத்துக்கும் பொருந்தும். சர்க்கஸ் கலைஞர்கள் பற்றிய படத்துக்கோ சிறைச்சாலை பற்றிய படத்துக்கோ அதை அப்படியே தூக்கி வைக்கலாம். 'வெண்மை'யும் உங்கள் தொழிலாளர்கள் வாயில் வராத சொல்லாகத்தான் இருக்கும். அந்தப் பெயரில் உங்கள் கருத்து இருக்கிறது, படத்தில் நடப்பது எதுவும் இல்லை. மனம் பற்றிக்கொள்ள அதில் ஒன்றும் கிடைப்பதில்லை.

பேட்டிகளை முழுக்க எழுத்தாக்கி வைத்திருப்பீர்கள். அதை ஒருமுறை தலைப்புக்காக மட்டும் படியுங்கள். அவர்கள் கையால் தொடும் பொருட்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கட்டளைகள், வேலையின் படிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் ஆகியவற்றை அடிக்கோடிடுங்கள். உச்சரித்தபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். இருபது, முப்பது சேரும். பிறகு ஒவ்வொன்றையும் முற்றிலும் வேறான ஒரு படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்துகிறது என்றால் அடித்துவிடுங்கள். நாலைந்து மிஞ்சினால் போதும்.

படத்தொகுப்பு மாணவர்: ஒற்றைச் சொல் தலைப்புதான் மனதில் நிற்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மூன்று சொல்லைத் தாண்டினாலே போஸ்டர் கெட்டுவிடும் இல்லையா?

போஸ்டரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. சொல் குறைந்தால் எழுத்தைப் பெரிதாக்கலாம். நினைவு விஷயத்தில் இது பாதிதான் உண்மை. 'கறை', 'நிழல்', 'மௌனம்' போன்ற சொற்களைக் கேட்டதும் புரியும், ஆனால் தேடும்போது கிடைக்காது. அதே பெயரில் கவிதைகளும் பாடல்களும் வேறு குறும்படங்களும் முன்னால் வந்து நிற்கும். ஒற்றைச் சொல் வேண்டுமென்றால் அது அந்தத் தொழிலுக்கே உரிய சொல்லாக இருக்கட்டும்.

நீளமான பெயர், வாயில் இயல்பாக வரும் ஒரு வாக்கியமாக இருந்தால் நன்றாகவே நிற்கும். 'கதவைச் சாத்திட்டுப் போ' மூன்று சொல்தான், கேட்டவர் மறக்க மாட்டார். 'காலத்தின் கரையோரக் கனவுகள்' என்பதும் மூன்று சொல்தான், ஆனால் திரும்பச் சொல்லும்போது யாராவது ஒரு சொல்லை மாற்றிவிடுவார்கள். சொற்களின் எண்ணிக்கையைவிட, அவற்றில் ஒன்றை மாற்றினால் காது உறுத்துகிறதா என்று பாருங்கள்.

ஆவணப்பட இயக்குநர்: நீங்கள் சொன்னபடி செய்தேன். மிஞ்சியவை: 'கறை', 'முதல் அலசல்', 'எண்ணி வை', 'பச்சைத் தண்ணி'. கடைசிச் சொல்லை மூத்த தொழிலாளி ஒருவர் ஆறாவது நிமிடத்தில் சொல்கிறார்: "ரத்தத்துக்கு முதல்ல பச்சைத் தண்ணிதான். சுடுதண்ணி பட்டா துணியிலேயே ஒட்டிக்கும்."

'கறை' பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

'முதல் அலசல்' நல்ல சொல்தான். ஆனால் இணையத்தில் அதைப் பார்ப்பவர் யாரோ ஒரு படத்தை விமர்சனம் செய்யும் காணொளி என்று நினைப்பார். கட்டுரைக்கும் அரசியல் பேச்சுக்கும் அந்தச் சொல் அவ்வளவு பழகிவிட்டது. துணியின் படம் பக்கத்தில் இருந்தால்தான் சரியாகப் புரியும். தலைப்போ பல இடங்களில் படமில்லாமல் தனியாகப் போகும்: விழா அட்டவணை, செய்தியறிக்கை, வாய்ப்பேச்சு. 'எண்ணி வை' துணிக் கணக்கைச் சொல்கிறது, கட்டளையின் மிடுக்கும் இருக்கிறது. ஆனால் பணம் பற்றிய படம் போல ஒலிக்கிறது.

நான் 'பச்சைத் தண்ணி'யை எடுப்பேன். காரணம் அந்த வசனத்திலேயே இருக்கிறது. சூடு பட்டால் ரத்தத்தின் புரதம் இறுகி நூலில் பிடித்துக்கொள்ளும், அதனால் முதல் அலசல் சூடில்லாத நீரில். அந்த அறிவு அவர்கள் கையில் இருக்கிறது, வெளியே பலருக்குத் தெரியாது. படத்துக்கு முன்னால் இது சாதாரணச் சொல். ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு அதற்குள் ரத்தமும் வேலையின் நுட்பமும் வந்துவிடுகின்றன. பெயர் மாறாமல் பொருள் மட்டும் கனம் கூடுவது ஆவணப்படத்துக்கு எளிதில் கிடைக்காது.

வாசகர்: 'பச்சைத் தண்ணி பல்லில் படாமல்' என்று பட்டினியைத்தானே சொல்வோம்? எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. 'தண்ணி' என்றால் குடி என்றும் அர்த்தம் வருமே?

இரண்டாவது பற்றிக் கவலை இல்லை. 'பச்சை' முன்னால் வந்ததும் குடி என்ற பொருள் விலகிவிடும். முதலாவது நியாயமான ஐயம். பட்டினி பற்றிய படம் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் முதல் ஐந்து நிமிடம் குழம்புவார். போஸ்டர் படம் அதைத் தீர்க்க வேண்டும். மருத்துவமனை விரிப்புகளின் மடித்த அடுக்கு பின்னால் இருந்தால் பட்டினி நினைப்பு வராது.

'தண்ணி'யா 'தண்ணீர்'ரா என்பதில் என்னிடம் உறுதியான முடிவு இல்லை. பேச்சு வடிவம் அந்தத் தொழிலாளியின் குரலோடு வருகிறது. எழுத்து வடிவம் அச்சில் கண்ணியமாகத் தெரிகிறது, தேடுபவர்களும் அப்படி அடிக்கக்கூடும். நான் பேச்சு வடிவத்தின் பக்கம் சாய்கிறேன். எதை எடுத்தாலும் படத்திலும் போஸ்டரிலும் விண்ணப்பத்திலும் அதே வடிவம் இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் கேட்கும் படிவங்களுக்கும் `Pachai Thanni` போல ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்துகொள்ளுங்கள்.

குறும்பட இயக்குநர்: என் படம் 9 நிமிடம். ஒருவர் தினமும் ஒரு எண்ணுக்கு அழைக்கிறார், யாரும் எடுப்பதில்லை. இறந்துபோன மனைவியின் எண் என்று கடைசியில் தெரிகிறது. 'இறந்தவளின் எண்' என்று வைத்தால் ஆர்வம் வரும்தானே?

ஆர்வம் வரும், படம் போய்விடும். 9 நிமிடத்தில் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு திறப்பு, அதைப் பெயரே செய்துவிடுகிறது. முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் திரையில் வரும் ஒன்றிலிருந்து பெயரை எடுங்கள். முதலில் பார்க்கும்போது ஒரு பொருளும், முடிந்தபின் இன்னொரு பொருளும் தர வேண்டும். பதிவுக் குரல் சொல்லும் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' அப்படி வேலை செய்யும். உங்களுக்கு முன்பே யாருக்காவது தோன்றியிருக்கக்கூடிய பெயர் அது, அதனால் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதே இயக்குநர்: ஏற்கெனவே இருந்தால் சட்டச் சிக்கல் வருமா?

வெறும் பெயருக்குப் பதிப்புரிமை பொதுவாகக் கிடையாது. வணிகக் குறியாகப் பதிவானது, தொடராக வருவது, தயாரிப்பாளர் சங்கங்களில் பதிந்தது ஆகியவற்றுக்கு அந்தந்த நாட்டு விதி வேறு. வணிக வெளியீடு என்றால் வழக்கறிஞரைக் கேளுங்கள். உங்களை முதலில் தொல்லை செய்யப்போவது குழப்பம்தான். அதே பெயரில் அண்மையில் இன்னொரு குறும்படம் வந்திருந்தால் விழாக்காரர்கள் முதல் பார்வையாளர்கள் வரை இரண்டையும் கலந்துவிடுவார்கள். இரட்டை மேற்கோளுக்குள் பெயரைப் போட்டு, ஒற்று இருந்தும் இல்லாமலும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும் தேடுங்கள். அண்மைய குறும்படம் ஒன்று கிடைத்தால் விலகிவிடுங்கள். பழைய நாவலோ வேறு மொழிப் படமோ என்றால் அவ்வளவு பாதிப்பில்லை.

ஒளிப்பதிவாளர்: தலைப்பு எத்தனை நொடி இருக்க வேண்டும்? நான் வழக்கமாக 2 நொடி வைக்கிறேன்.

இங்கே பேசிக்கொண்டிருப்பது பெயரைத் தேர்வது பற்றி என்றாலும், இது அதோடு சேர்ந்ததுதான். மெதுவாக இரண்டு முறை வாசிக்க முடிகிற நேரம் வேண்டும். இரண்டு சொல்லுக்கு 4 நொடி போதும். எவ்வளவு நேரம் என்பதைவிட எந்த இடம் என்பது முக்கியம். மேலே சொன்ன படத்தில், அந்தத் தொழிலாளி பேசி முடித்ததும் பெயரைப் போட்டால் அவர் சொன்னதற்கு அடிக்கோடு போட்டது போலாகும். தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் ஆறாவது நிமிடத்தில் பார்வையாளரே கண்டுபிடிப்பார்.

போஸ்டர் வடிவமைப்பாளர்: 'பச்சைத் தண்ணி' போஸ்டரை நான்தான் செய்கிறேன். பச்சை நிற எழுத்து, பின்னால் தண்ணீர்த் தெறிப்பு. இரண்டு வரியாகப் பிரித்தால் முதல் வரி 'த்' என்று முடிகிறது, அசிங்கமாக இருக்கிறது. அந்த 'த்'-ஐ எடுத்துவிடலாமா?

எடுக்க வேண்டாம், பிழையாகிவிடும். அதற்கு முன் நிறத்தையும் படத்தையும் மாற்றுங்கள். பச்சை எழுத்து போட்டால் நிறத்தைச் சொல்வதாகப் புரிந்துகொள்வார்கள், சூடில்லாதது என்ற பொருள் போய்விடும். தண்ணீர் என்று எழுதி தண்ணீரையே காட்டினால் போஸ்டர் ஒரே விஷயத்தை இருமுறை சொல்கிறது. விரிப்பு அடுக்கைக் காட்டுங்கள், தண்ணீரை எழுத்து சொல்லட்டும். துணிக்கும் தண்ணீருக்கும் நடுவே என்ன என்ற கேள்வி பார்ப்பவரிடம் எழும்.

எழுத்துக்கு வருவோம். ஏழு எழுத்துதான், ஒரே வரியில் வைத்துப் பாருங்கள். இரண்டு வரிதான் வேண்டுமென்றால் இடப்பக்கம் சீராக்கி, 'த்' அடுத்த வரியின் 'த'வோடு சேர்ந்து வாசிக்கப்படும்படி வரிகளை நெருக்கமாக வையுங்கள். ஆனால் மேல் வரியின் 'த்' கீழே வால் விடும், கீழ் வரியில் 'ண்' புள்ளியும் 'ணி' சுழியும் மேலே ஏறும். அவை முட்டாத அளவுக்கு மட்டும் நெருக்குங்கள்.

இந்தப் பெயரில் மூன்று புள்ளிகள் உள்ளன. மெல்லிய எழுத்துருவில், துணியின் இழைகள் மேல் அவை காணாமல் போகும். போஸ்டரை 120 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கைப்பேசியில் கைநீட்டும் தூரத்தில் பாருங்கள். புள்ளி தெரியவில்லை என்றால் தடித்த எழுத்துருவுக்குப் போங்கள், அல்லது பின்னணியில் ஒரு பகுதியை மழுங்கலாக விடுங்கள். காணொளித் தளத்துக்கான சிறுபடத்தில் வலது கீழ் மூலையைக் காலியாக விடுங்கள், கால அளவு அங்கேதான் வந்து உட்காரும்.

அதே வடிவமைப்பாளர்: போட்டோஷாப்பில் தட்டும்போது 'சை'யில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துரு கோளாறா?

பெரும்பாலும் இல்லை. எழுத்து அமைப்பு தமிழுக்கானதாக இல்லை. புதிய பதிப்புகளில் இதற்கெனத் தனித் தேர்வு தேவையில்லை. சற்றுப் பழைய பதிப்பு என்றால் அமைப்புகளில் Type பகுதிக்குப் போய் `World-Ready Layout` என்பதைத் தேர்ந்து, புதிய கோப்பில் மறுபடி தட்டிப் பாருங்கள். அதற்கும் முந்தைய பதிப்புகளில் `Middle Eastern and South Asian` என்று இருக்கும். சரியானதும், அச்சகத்துக்கு அனுப்பும் நகலில் மட்டும் தலைப்பை வடிவமாக மாற்றிவிடுங்கள். அவர்கள் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. தட்டிய எழுத்து உள்ள மூலக்கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், 'தண்ணி'யை 'தண்ணீர்' ஆக்க இயக்குநர் கடைசி நேரத்தில் கேட்கக்கூடும்.