குறுக்கு வழியை ஏறும்போதே சொல்லுங்கள்

கேள்வி: பஜார் வீதி நெரிசல் என்று தெரிந்தும் ஓட்டோக்காரர் அதாலதான் போகிறார். எனக்குச் சின்ன வழி ஒன்று தெரியும். சொன்னால் கோவிப்பாரோ?

சொல்லுங்கள், ஆனால் ஏறுவதற்கு முன்னால், காசு பேசும்போதே சொல்லுங்கள். நீங்களும் என்னைப்போல வவுனியாப் பக்கமாகத்தான் இருக்கவேண்டும்.

நான் பாதி வழியில் சொல்லிக் கெட்டவன். மார்கழி மாதம், அம்மாவுக்குக் கிளினிக். நானூறு ரூபா பேசி ஏறினோம். பஜாருக்குள் ஒரு லொறி நடுவீதியில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டு நிற்க, பின்னால் வானும் வந்து ஒட்டிவிட்டது. அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்து, "அண்ணை, குளக்கட்டால விட்டிருக்கலாமே, கிட்டத்தானே" என்றேன். அதோடு விட்டேனா, "அப்ப முன்னூறு போதுமே" என்றும் சொல்லித் தொலைத்தேன். பகிடிக்குத்தான் சொன்னேன், நம்பினால் நம்புங்கள். அண்ணை வாயே திறக்கவில்லை. லொறி விலகியதும் வெடுக்கென்று திருப்பிக் குளக்கட்டில் விட்டார்.

அங்கேதான் என் கெட்டித்தனம் தெரிந்தது. மழைக்கு ஊறின கிரவலில் உழவு மெஷின் போய் இரண்டு பக்கமும் ஆழமாகத் தடம், நடுவில் மேடு. நான் அந்த வழியைப் பழகியது மோட்டார் சைக்கிளில், ஒரு தடத்துக்குள் விட்டால் போய்விடலாம். ஓட்டோவின் முன் சில்லு நடு மேட்டில் ஏறவேண்டும், பின் சில்லுகளோ உழவு மெஷின் அகலத்துக்கு எட்டாது. ஒரு பக்கம் தடத்துக்குள் இறங்கி வண்டி சரிந்து, அடி மண்ணில் உரசி நின்றுவிட்டது. அம்மா இறங்கிச் சேற்றில் நடக்க நான் பின்னால் நின்று தள்ளினேன். கிளினிக்கில் நம்பர் போய்விட்டது. அண்ணை கூடுதலாக ஒன்றும் கேட்கவில்லை, நானூறுதான் வாங்கினார்.

எங்கள் பக்கம் காசை முதலே பேசித்தானே ஏறுகிறோம். பிறகு "கிட்ட வழி" என்று வாயெடுத்தால் அவருக்குக் காசைக் குறைக்கப் போகிறான் என்றுதான் கேட்கும். இப்போது நான், "அண்ணை, காசு அதே காசுதான், பஜாருக்குள்ளால போகாம குளக்கட்டால போகேலுமோ, இப்ப தடம் எப்பிடி?" என்று கேட்பேன். ஏலாது என்றால் பேசாமல் இருப்பேன். மழைக்குப் பிறகு அந்தத் தடத்தில் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பவர் அவர்தானே.

ஓட்டோக்காரர் எல்லாரும் சுற்றிக்கொண்டு போய் ஏமாற்றுகிறவர்கள் என்று எழுத வருவீர்கள். இருக்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் மிச்சக் காசு இருபது ரூபாயை "இறங்கேக்க தாறன்" என்று சொல்லி விழுங்குகிற கொண்டக்டரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, போன கிழமையும் எனக்கு அதுதான் நடந்தது.

சரி, அந்த அண்ணையோடு இப்போதும் போகிறேன். சித்திரையில் கட்டு காய்ந்து இறுகினதும் அவரே கேட்காமல் அதால் திருப்புவார், திருப்பிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, முன்னூறோ?" என்பார்.