மனையின் பரப்பு SUMPRODUCT வழியில் குறைவாக வருவது ஏன்?

"ஐந்து மூலைகள், மீட்டரில்: (0,0), (40,0), (20,38), (46,25), (0,30). SUMPRODUCT வாய்பாடு 826 ச.மீ. தருகிறது, முக்கோணங்களாகப் பிரித்து அளந்தால் 1,424 வருகிறது. எது சரி?"

முக்கோணக் கணக்கே சரி. உங்கள் வாய்பாட்டில் பிழையில்லை. மூன்றாம், நான்காம் மூலைகள் இடம் மாறியுள்ளன. இம்முறைக்கு மூலைகளை எல்லையோரமாக ஒரே திசையில் நடந்து செல்லும் வரிசையில் தர வேண்டும்; வரிசை குலைந்தால் இரு பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டி, ஒரு பகுதி கூட்டலாகவும் மறுபகுதி கழித்தலாகவும் சேர்ந்து, நம்பத்தக்கதுபோலத் தோன்றும் தவறான எண் கிடைக்கிறது.

B2:B6 இல் X மதிப்புகளையும் C2:C6 இல் Y மதிப்புகளையும் (46,25), (20,38) என்ற வரிசைக்கு மாற்றி, முதல் மூலையை ஏழாம் வரிசையில் மீண்டும் எழுதுங்கள்.

```
=ABS(SUMPRODUCT(B2:B6,C3:C7)-SUMPRODUCT(B3:B7,C2:C6))/2
```

முதல் தொகை 1000 + 1748 + 600 = 3348; இரண்டாவது 500. வித்தியாசம் 2848, பாதி 1424. வலஞ்சுழியாக எழுதினால் வித்தியாசம் எதிர்மறையாகும் என்பதற்காகவே ABS.

ஏழாம் வரிசையை விட்டுவிட்டாலும் இங்கே விடை மாறாது. முதல் மூலை (0,0) என்பதால் இறுதிப் பெருக்கங்கள் பூச்சியமாகிவிடுகின்றன. அந்தத் தற்செயலை நம்பி, ஆறு இலக்க ஆயத்தொலைவுகள் கொண்ட மனைக்கு அதே தாளைப் பயன்படுத்தினால் விடை முற்றிலும் தவறாகும்.

வரிசையைச் சோதிக்க, இரு நெடுவரிசைகளையும் தேர்ந்து, நேர்கோடுகளால் இணைத்த சிதறல் வரைபடம் போடுங்கள். கோடுகள் எங்காவது வெட்டிக்கொண்டால், அக்கோடுகளின் முனைகளில் உள்ள மூலைகளிடையே வரிசை குலைந்துள்ளது.