அந்தக் கோட்டு சொல்வதை நம்ப வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு பழைய ஸ்டுடியோ போட்டோ இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர் பூட்டி. நிற்பது கோட்டு போட்ட ஒருவர், அவர் மனைவி, ஐந்தாறு வயசுப் பெண் குழந்தை. பின்னால் முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. "அது தாத்தா, பாட்டி, பெரியம்மா, 1948இல் எடுத்தது" என்கிறார் மாமா. பெரியம்மாவோ "அது நான் இல்லை, சின்னத் தாத்தா குடும்பம், ரொம்பப் பின்னாடி எடுத்தது" என்கிறார். தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே ஜாடை, படத்தில் முகங்களும் பூஞ்சை பிடித்து மங்கிவிட்டன. உடையை வைத்து எந்தக் காலம் என்று சொல்ல முடியுமா? (படம் இணைத்திருக்கிறேன்.)
– வாசகி, விருதுநகர்

பதில்: முடியும். ஆண்டைச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் வீட்டுச் சண்டைக்குப் பத்தாண்டு தெரிந்தாலே போதும்.

முதலில் பூட்டியை விட்டுவிடுவோம். பின்கொசுவம், காதில் தண்டட்டி என்று எல்லாரும் அவரைத்தான் முதலில் பார்ப்பார்கள், படம் ரொம்பப் பழசு என்ற எண்ணமும் அங்கேதான் பிறக்கும். ஆனால் வயசானவர்கள் தங்கள் இளமையில் பழகியதையே கடைசி வரை கட்டுவார்கள். உங்கள் பக்கத்தில் 1980களில்கூடத் தண்டட்டி போட்ட பாட்டிகள் இருந்தார்கள். காலத்தைக் காட்டுவது படத்தில் இருக்கும் இளவட்டத்தின் உடைதான். அதிலும் இருப்பதற்குள் புதிய பொருள் எதுவோ, அதற்கு முன்னால் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்க முடியாது. பழைய பொருள் எத்தனை இருந்தாலும் அதை மாற்றாது.

இப்போது கோட்டுக்கு வருவோம், மாமா ஏமாந்த இடம் அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு வரிசைப் பொத்தான், தோள்வரை அகன்று மடிந்த காலர். 1940களின் தையல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்கி அவர் கையைப் பாருங்கள். கோட்டின் கை விரல் முட்டி வரை இறங்கி நிற்கிறது, தோள் தையலோ தோளைத் தாண்டி வெளியே தொங்குகிறது. அளவெடுத்துத் தைத்த கோட்டு இப்படி உட்காராது. இது ஸ்டுடியோக் கோட்டு! அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் மேக்கப் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கோட்டும் டையும் தொங்கும், பவுடர் டப்பா, சீப்பு மாதிரி அதுவும் எல்லாருக்கும் பொது. ஒரு முறை வாங்கி மாட்டினால் கிழியும்வரை பதினைந்து, இருபது வருஷம் ஓடும். அதனால் கோட்டு சொல்வது ஸ்டுடியோக்காரர் அதை வாங்கிய காலத்தை, படம் எடுத்த காலத்தை இல்லை.

அப்புறம் எதை நம்புவது? ஸ்டுடியோவில் இரவல் கொடுக்காததை. சட்டையும் பேன்ட்டும் வீட்டிலிருந்து போட்டு வந்தவை. கோட்டுக்குள் தெரியும் சட்டைக் காலர் சின்னது, நுனி குட்டையாக நின்றுவிடுகிறது. 1940களின் சட்டைக் காலர் பெரும்பாலும் நுனி நீண்டு கூராகக் கீழே இறங்கும். 1970களில் மறுபடி நீண்டது, அதோடு அகன்றும் போனது, கோட்டு போட்டால் அதை வெளியே எடுத்து மேலே மடித்துவிடுவது அப்போதைய ஸ்டைல். இடைப்பட்ட 1960களில்தான் காலர், டை, கோட்டின் மடிப்பு எல்லாமே ஒடுங்கின. இவர் கட்டியிருக்கும் டையும் ஒல்லி. டையும் இரவலாக இருக்கலாம், ஆனால் அகலக் கோட்டுக்கு ஒல்லி டை என்ற அந்தப் பொருத்தமின்மையே, இரண்டும் வேறு வேறு காலத்தில் வாங்கியவை என்று சொல்லிவிடுகிறது.

அடுத்தது பேன்ட்டின் அடிப்பகுதி. பலர் இடுப்புக்கு மேல் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1940களின் பேன்ட் தொளதொளவென்று விழுந்து, கீழே வெளிப்பக்கம் மடித்துத் தைத்து, ஷூவின் மேல் படிந்து நிற்கும். உங்கள் படத்தில் மடிப்பே இல்லை, கணுக்காலில் ஒட்டி நிற்கிறது, ஷூவின் லேஸ் முழுசாகத் தெரிகிறது. 14 அங்குலச் சுற்றளவுதான் இருக்கும் போலிருக்கிறது. குழாய் பேன்ட் என்று பெரியவர்கள் கிண்டல் செய்த அதே பேன்ட். 1960களின் தொடக்கத்திலிருந்து நடுப்பகுதிவரை இளைஞர்கள் இதைத்தான் போட்டார்கள். 1970களில் பெல்பாட்டம் வந்து எல்லாம் தலைகீழானது.

மனைவியின் ரவிக்கை இதை மறுக்கவில்லை. கை இறுக்கமாக, பாதிப் புஜத்தில் நிற்கிறது, பஃப் இல்லை. ஆனால் ரவிக்கையை மட்டும் வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். பஃப் கை 1940களில் இருந்தது, 1980களில் திரும்பி வந்தது. சாதாரணக் கை எப்போதும் இருந்தது.

குழந்தையின் ஃபிராக்தான் கணக்கை முடிக்கிறது. பாவாடைப் பகுதியின் ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவி உள்ளே இருக்கும் பெட்டிகோட்டின் விளிம்பு தெரிகிறது பாருங்கள், துணியும் தொங்காமல் விறைப்பாக விலகி நிற்கிறது. பருத்தி வாயில் துணியும் மெல்லிசாக இருக்கும், ஆனால் இப்படி விறைத்து நிற்க கஞ்சி போட வேண்டும், கஞ்சி போட்டால் உட்கார்ந்து எழுந்த சுருக்கம் விழும். இங்கே ஒரு சுருக்கம்கூட இல்லை. இது நைலான். 1948இல், துணிக்கட்டுப்பாட்டின் நினைவே மறையாத காலத்தில், விருதுநகரில் சாதாரணக் குடும்பத்துக் குழந்தைக்கு நைலான் ஃபிராக் வந்திருக்க வழியே இல்லை. முழங்காலுக்கு மேலே நிற்கும் அதன் உயரமும் 1960களோடு ஒத்துப்போகிறது. ஒன்று கவனியுங்கள்: கீழ் விளிம்புக்கு நான்கு விரல் மேலே ஒரு கோடு ஓடுகிறதே, அது அலங்காரம் இல்லை, முன்பு மடித்துத் தைத்திருந்த தடம். பிள்ளை வளர்ந்ததும் பிரித்து இறக்கியிருக்கிறார்கள். அதாவது படம் எடுக்கும்போதே ஃபிராக்குக்கு ஒன்றிரண்டு வயது.

ஆக, 1960க்கு முன்னால் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மேல் எல்லைதான் கொஞ்சம் தளர்வு. பெல்பாட்டமும் பெரிய காலரும் இல்லை என்பதால் 1970க்கு முன் என்று சொல்லத் தோன்றும், ஆனால் இல்லாததை வைத்துச் சொல்வது பலவீனமான சாட்சி. சென்னையில் மாறிய ஸ்டைல் மற்ற ஊர்களுக்கு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும், சிக்கனக்காரர் பழைய பேன்ட்டையே போட்டு வரலாம். அதனால் 1961 முதல் 1970களின் தொடக்கம் வரை என்று வைத்துக்கொள்கிறேன். பெரியம்மா சொன்னதுதான் சரி என்று தெரிகிறது.

உறுதி செய்ய வேண்டுமானால் சின்னத் தாத்தாவின் மகள் பிறந்த ஆண்டைக் கேட்டு அதோடு ஐந்தோ ஆறோ கூட்டிப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழ் தேதியை மட்டும் நம்ப வேண்டாம், முதல் வகுப்பில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிப் போட்ட ஹெட்மாஸ்டர்கள் ஏராளம். ஜாதகம் இருந்தால் அதைப் பாருங்கள். அந்தக் குடும்பத்தில் வேறு ஸ்டுடியோ படங்கள் இருந்தால், வேறு யார் மேலாவது இதே கோட்டு, இதே நீளக் கையோடு தொங்குகிறதா என்றும் தேடிப் பாருங்கள். தேதி எழுதிய ஒரு படத்தில் அது கிடைத்தால் ஸ்டுடியோ எது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். மாமாவிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள், கோட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது தப்பில்லை.